போஸ்ட்கோர்ப் எங்கள் மலையில் முளைக்காது

குவிஸுக்கு முதல் நாள் ராத்திரி, ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் வணிகக் கல்வி படிக்கிற பிள்ளைகளின் போனில் என்ன ஓடுகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு போட்டோ. யாரோ ஒரு டியூஷன் சேரின் ஷோர்ட் நோட். மேலே கொட்டை எழுத்தில் 'போஸ்ட்கோர்ப்'. அதற்குக் கீழே ஹென்றி பயோலின் பதினான்கு தத்துவங்களுக்குமான ஆங்கில முதலெழுத்துகள், ஒரு ரயில் மாதிரி வரிசையாக. "மச்சான், இத மட்டும் பாடமாக்கு, போதும்" என்று ஒரு வொய்ஸும் கூடவே வரும்.

போதாது என்கிறோம் நாங்கள். நினைவுக்குறிகள் தேவையில்லை என்பது எங்கள் கட்சி அல்ல. பட்டியலும் கட்டங்களும் நிறைந்த ஒரு பாடத்தை ஞாபகத்தில் வைக்கக் கொக்கி வேண்டும்தான். ஆனால் இன்று தமிழ் மொழிமூலம் படிக்கிற பிள்ளையிடம் கொடுக்கப்படுவது அவளுடைய கொக்கி இல்லை. வேறொரு மொழியில், வேறொருவருக்காகச் செய்தது. அதைப் போட்டோவாக அனுப்பிவிட்டு "சொல்லிக் கொடுத்தாச்சு" என்று கை கழுவுவதோடுதான் எங்களுக்குச் சண்டை.

முதலில் போஸ்ட்கோர்ப்பின் கதையைப் பார்ப்போம். 1937இல் அமெரிக்காவில் லூதர் குலிக்கும் லிண்டல் அர்விக்கும் சேர்ந்து நிர்வாக அறிவியல் பற்றி ஒரு கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் குலிக், "ஒரு தலைமை நிர்வாகி செய்கிற வேலைதான் என்ன?" என்று கேட்டு, அதற்குப் பதிலாக இந்தச் சொல்லை உண்டாக்கினார். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆளணியிடல், நெறிப்படுத்தல், இணைப்பாக்கம், அறிக்கையிடல், பாதீடு என்ற ஏழு வேலைகளுக்குமான ஆங்கிலச் சொற்களின் தொடக்க எழுத்துகளைக் கோத்த சொல் அது. குலிக்கின் வாசகர்கள் அந்த ஆங்கிலச் சொற்களைத் தினமும் புழங்கியவர்கள். அவர்களுக்கு எழுத்தைப் பார்த்ததும் சொல் வரும், சொல் வந்ததும் அதன் வேலை கண்ணுக்குத் தெரியும். அவர்களைப் பொறுத்தவரை அது நல்ல கருவிதான்.

அதே கருவி நம்ம கைக்கு வரும்போது என்ன ஆகிறது? தமிழ் மொழிமூலப் பிள்ளை முதலில் ஆங்கில எழுத்தை ஞாபகப்படுத்த வேண்டும். அதிலிருந்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதற்குப் பாடப்புத்தகத்தில் உள்ள தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும். கடைசியில்தான் அதன் பொருள். நாலு படி. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு மூன்றே படி. ஷோர்ட் நோட் சுமையைக் குறைக்க வந்தது என்றால், இங்கே சுமை கூடிவிட்டது.

இந்தப் படிகள் எங்கே உடையும் என்பதையும் சொல்ல முடியும். போஸ்ட்கோர்ப்பில் எட்டு எழுத்து, ஆனால் வேலை ஏழுதான். நடுவில் வரும் 'சி', 'ஓ' என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து இணைப்பாக்கம் என்ற ஒரே வேலையைக் குறிக்கின்றன. இதை யாரும் சொல்லித் தராத பிள்ளை எட்டு வேலைகளைத் தேடும். 'சி' என்றதும் கட்டுப்படுத்தல் என்று எழுதும். அதற்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துதானே! 'ஓ'வுக்கு ஒன்றும் கிடைக்காமல், மேலே எழுதிய ஒழுங்கமைத்தலையே இன்னொரு தடவை வேறு பெயரில் எழுதும். விடைத்தாளில் குலிக்கின் பட்டியலுக்குள் கட்டுப்படுத்தல் வந்து உட்கார்ந்திருந்தால், அந்தப் பிள்ளை பாடம் படிக்கவில்லை, எழுத்தைத்தான் படித்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். குற்றம் பிள்ளையின் மேல் இல்லை.

பயோலின் கதை இன்னும் மோசம். பயோல் பிரான்சில் நிலக்கரிச் சுரங்கத்தில் பொறியியலாளராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு அந்தக் கம்பனிக்கே தலைவரானவர். 1916இல் அவர் எழுதிய நூலில்தான் பதினான்கு தத்துவங்கள் வருகின்றன. அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளை வரிசையாக வைத்தால் இப்படி வரும்: டி, ஏ, டி, யூ, யூ, எஸ், ஆர், சி, எஸ், ஓ, ஈ, எஸ், ஐ, ஈ. எண்ணிப் பாருங்கள். 'எஸ்' மூன்று தடவை. 'டி', 'யூ', 'ஈ' ஒவ்வொன்றும் இரண்டு தடவை. பதினான்கில் ஒன்பது எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று தனியாக நின்று சொல்லாது. ஐந்துதான் உருப்படியான கொக்கி.

அந்த இரண்டு 'யூ'க்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று கட்டளை ஒருமைப்பாடு, மற்றது நெறிப்படுத்தல் ஒருமைப்பாடு. முதலாவது ஆளைப் பற்றியது: ஒரு தொழிலாளிக்கு ஒரே ஒரு மேலாள்தான் கட்டளையிட வேண்டும். இரண்டாவது திட்டத்தைப் பற்றியது: ஒரே நோக்கமுள்ள வேலைகளுக்கு ஒரே தலைமையும் ஒரே திட்டமும் வேண்டும். கேள்வித்தாள் தயாரிப்பவர் கேட்க விரும்புவது இந்த வித்தியாசத்தைத்தான், ஏனென்றால் பிள்ளைகள் குழம்புகிற இடம் அது. ஷோர்ட் நோட்டோ இரண்டையும் ஒரே எழுத்தாக்கி வைத்திருக்கிறது. குழப்பம் தீர வேண்டிய இடத்தில் குழப்பத்தையே பாடமாக்கச் சொல்கிறது.

சரி, தமிழ் முதலெழுத்துகளை வைத்து ஒரு வாக்கியம் செய்தால்? சில சேர்மார் அதையும் செய்கிறார்கள். ஒரு படி குறையும், அது லாபம்தான். ஆனால் எழுத்துக்கு இருக்கிற அடிப்படை வரம்பு அப்படியே இருக்கும். முதலெழுத்து, ஏற்கெனவே தெரிந்த சொல்லை வெளியே இழுக்கும், வரிசையையும் காட்டும். தெரியாத சொல்லை அது உண்டாக்காது, பொருளையும் சொல்லாது. பயோலின் பட்டியலுக்கு வரிசை முக்கியமே இல்லை. தத்துவங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது, அவற்றை நெகிழ்வாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னவரே பயோல். யாரும் கேட்காத வரிசையைக் காப்பாற்றிவிட்டு, எல்லாரும் கேட்கிற பொருளைத் தொலைக்கிறோம்.

நல்ல நினைவுக்குறி எப்படி இருக்கும் என்று கற்றுக்கொள்ள நாம் வெளியே போகத் தேவையில்லை. தமிழ்ப் பாடத்தில் யாப்பு படித்த எவருக்கும் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் தெரியும். ஈரசைச் சீர்களின் நாலு வகைக்கான பெயர்கள் இவை. 'தேமா' என்று சொல்லிப் பாருங்கள், நேர் நேர். 'புளிமா', நிரை நேர். 'கருவிளம்', நிரை நிரை. 'கூவிளம்', நேர் நிரை. பெயரைச் சொன்னாலே இலக்கணமும் வாயில் வந்துவிடுகிறது. விதி மறந்தாலும் பெயரை அசை பிரித்து விதியைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம். பெயருக்குள்ளேயே சரக்கு இருக்கிறது. போதாக்குறைக்கு நாலும் மரம் செடி, கண்ணால் பார்த்தவை. எங்கள் அளவுகோல் இதுதான். ஒரு நினைவுக்குறியை இழுத்தால் பொருளும் சேர்ந்து வர வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பயோலை எங்கே தொங்கவிடலாம்? பழைய கிரேக்கத்திலிருந்து வருகிற ஒரு முறை உண்டு. நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தில் மனதால் நடந்து, ஒவ்வொரு மூலையிலும் ஞாபகம் வைக்க வேண்டிய ஒன்றை வைத்துவிட்டு, பிறகு அதே வழியில் நடந்து பொறுக்கிக்கொள்வது. வழக்கமாக இதற்கு வீட்டை எடுக்கச் சொல்வார்கள். லயத்துக் காம்பராவில் பதினான்கு மூலை எங்கே இருக்கிறது? ஆனால் நமக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. அது சாதாரண இடமில்லை. மேலிருந்து கீழ்வரை முகாமைத்துவத்தாலேயே கட்டப்பட்ட இடம். பயோல் சுரங்கத்தில் பார்த்ததை நம்ம அம்மா அப்பா நூற்றைம்பது வருசத்துப் பழக்கமாகத் தினமும் பார்க்கிறார்கள். ஆகவே தோட்டத்தின் ஒரு நாளை நாலு இடமாகப் பிரிப்போம்: பெரட்டுக்களம், மலை, மடுவம், ஆபீஸ். பதினான்கை ஒரே மூச்சில் விழுங்குவதைவிட ஐந்து, நாலு, இரண்டு, மூன்று என்று நாலு பிடியாக எடுப்பது லேசு.

முதல் இடம் பெரட்டுக்களம். காலையில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். இவங்க கொழுந்துக்கு, அவங்க கவ்வாத்துக்கு, மற்றவங்க புல்லு வெட்ட. இது வேலைப்பகுப்பு. பிரித்துவிடுகிறவருக்கு அந்த உரிமை இருக்கிறது, வேலை நடக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. இது அதிகாரமும் பொறுப்பும். பிந்தி வந்தால் திருப்பி அனுப்பப்படலாம் என்று எல்லாருக்கும் தெரியும். இது ஒழுக்கம். கங்காணி ஒரு மலைக்குப் போகச் சொல்லி, நடுவழியில் சின்னதுரை வேறு மலைக்குப் போகச் சொன்னால் அந்த அக்கா என்ன செய்வார்? அந்தச் சங்கடம் வரக்கூடாது என்பதுதான் கட்டளை ஒருமைப்பாடு. பெரிய துரை, சின்னதுரை, வெளிக்கள உத்தியோகத்தர், கங்காணி, தொழிலாளி என்று இறங்கி வருகிற கோடு படிநிலைத் தொடர். இங்கே ஐந்து.

படிநிலைத் தொடரில் பயோல் சொன்ன ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. மேற்கணக்குக் கங்காணிக்கும் கீழ்க்கணக்குக் கங்காணிக்கும் அவசரமாக ஒன்று பேச வேண்டும். கோட்டின் வழியே போனால் விசயம் துரை வரை ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். மேலாட்களுக்குத் தெரியப்படுத்திக்கொண்டு இரண்டு கங்காணிகளும் நேரே பேசிக்கொள்ளலாம் என்று பயோல் ஒரு குறுக்குப் பாலம் போட்டார். எழுத்துவரிசைக்குள் இந்தப் பாலத்தை வைக்க இடமே இல்லை. தோட்டத்துக்குள் வைத்தால் ஒரே தடவையில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது இடம் மலை. நாலு கங்காணிமாரின் ஆட்கள் ஒரே மலையில் நிற்கிறார்கள். ஆனால் இன்றைக்கு இந்த மலையை எடுத்து முடிக்க வேண்டும் என்ற திட்டம் ஒன்றுதான், அதற்குத் தலைமையும் ஒன்றுதான். இது நெறிப்படுத்தல் ஒருமைப்பாடு. பெரட்டில் நின்ற அக்காவின் சங்கடத்தையும் மலையில் நடக்கிற இந்த ஒரே திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரே 'யூ'வாக இருந்தவை இரண்டு வேறு இடங்களில் போய் நின்றுகொண்டன. இனிக் குழம்ப வழியில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை, ஆளும் பொருளும் அவரவர் இடத்தில்: ஒழுங்கு. "இந்தப் பக்கமா இறங்கினா சீக்கிரம் முடியும்" என்று ஒரு அக்கா யோசனை சொல்ல இடம் இருந்தால் அது முன்முயற்சி. பிந்திப்போனவரின் நிரையைப் பக்கத்து ஆள் முடித்துக்கொடுத்தால் அது கூட்டுணர்வு. இங்கே நாலு.

மூன்றாவது, கொழுந்து நிறுக்கிற மடுவம். எத்தனை கிலோ, அது முழுப்பேரா அரைப்பேரா: ஊதியம். தராசில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பது எல்லாருக்கும் ஒரே மாதிரியா, முகம் பார்த்தா: சமநீதி. இரண்டே இரண்டு. ஆனால் நம்ம வாழ்க்கையில் அதிகம் சண்டை நடந்த இரண்டு.

நாலாவது ஆபீஸ். எந்த முடிவைத் துரையே எடுக்கலாம், எதற்குக் கொழும்பிலுள்ள கம்பனியைக் கேட்க வேண்டும்: மையப்படுத்தல். செக்ரோலில் பேர் பதிந்தவரா, இன்றைக்கு வந்து நாளைக்கு இல்லாத ஆளா: பதவி உறுதிப்பாடு. தனியாள் நலன் நிறுவன நலனுக்குக் கீழே என்று அங்கே சொல்லப்படுவது பதினான்காவது. இங்கே மூன்று. கூட்டிப் பார்த்தால் பதினான்கும் வந்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சமநீதி, கூட்டுணர்வு, நெறிப்படுத்தல் ஒருமைப்பாடு என்று நாங்கள் எழுதுகிற சொல் உங்கள் பாடப்புத்தகத்தில் கொஞ்சம் வேறாக இருக்கலாம். புள்ளி போடுகிறவர் புத்தகத்துச் சொல்லைத்தான் தேடுவார். அதனால் படத்தைத் தோட்டத்திலிருந்து எடுங்கள், சொல்லைப் புத்தகத்திலிருந்து எடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைக்காவிட்டால், கதை மட்டும் ஞாபகம் வந்து பெயர் வராமல் பேனையைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டிவரும்.

இன்னொன்றும் உண்டு. படமும் பொய் சொல்லும். மாஸ்லோவின் தேவைப் படிநிலைக்கு எல்லாரும் வரைகிற முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் முக்கோணமே கிடையாது. 1960இல் சார்ல்ஸ் மெக்டெர்மிட் என்ற ஆலோசகர் ஒரு வணிகச் சஞ்சிகையில் போட்ட படம் அது. பார்த்ததும் ஞாபகம் நிற்கிறது, அதனால்தான் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அதைப் பார்க்கிற பிள்ளை என்ன நினைக்கும்? அடித்தட்டு முழுசா நிரம்பினால்தான் அடுத்த தட்டுக்கு ஏறலாம் என்று நினைக்கும். மாஸ்லோ சொன்னது அப்படி இல்லை. ஒரு சாதாரண ஆளுக்கு உடற்தேவை 85 வீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, மதிப்பு 40, தன்னிறைவு 10 வீதம் என்று ஒரே நேரத்தில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் நிறைவேறியிருக்கலாம் என்று விளக்கத்துக்காக அவரே எண் போட்டுக் காட்டினார்.

இது மேற்கத்திய ஆய்வாளர் சண்டை என்று விட்டுவிட முடியாது. முக்கோணத்தை அப்படியே நம்பினால், கூரை ஒழுகுகிற லயத்தில் இருக்கிற மனுசிக்கு மரியாதையைப் பற்றிய தேவை இன்னும் வரவில்லை என்று அர்த்தமாகும். 'முதலில் வயிறு, அப்புறம் மானம்' என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்களுக்கு அந்தப் படம் நன்றாக வசதிப்படும். மலையில் மரியாதைக் குறைவாகப் பேசியதற்காகக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்த பெண்களைப் பற்றிக் கேள்விப்படாத லயம் உண்டா? அன்றைய சம்பளம் போகும் என்று தெரிந்தேதான் இறக்கி வைத்தார்கள். முக்கோணத்துக்குப் பதிலாக லயத்து வாசலில் ஐந்து தண்ணீர் வாளிகளை வரிசையாக வையுங்கள். முதல் வாளி கழுத்து வரை, கடைசி வாளியில் அடியில் கொஞ்சம். எல்லா வாளியிலும் தண்ணீர் உண்டு. வரிசையும் நிற்கும், மாஸ்லோவும் நிற்பார்.

கட்டங்கள் விசயத்தில் மட்டும் வரிசைக்கு மதிப்பு உண்டு. டக்மன் 1965இல் ஒரு குழு வளர்கிற நாலு கட்டங்களைச் சொன்னார், 1977இல் ஜென்சனுடன் சேர்ந்து ஐந்தாவதைச் சேர்த்தார். ஆங்கிலத்தில் அந்தப் பெயர்கள் ஒன்றோடொன்று எதுகை மாதிரி இசைகின்றன. மொழிபெயர்த்ததும் அந்த இசை செத்துப்போகிறது, வெறும் பட்டியல் மிச்சம். நாமே இசையைத் திரும்பப் போடலாம்: கூடல், மோதல், இணங்கல், இயங்கல், கலைதல். இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னால் நாக்கில் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு சொல்லும் அந்தக் கட்டத்தில் நடப்பதையே சொல்கிறது. கோயில் திருவிழாக் கமிட்டியில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பேர் கொடுத்துக் கூடுகிறோம், பொருளாளர் யார் என்று மோதுகிறோம், ஒருவழியாக இணங்குகிறோம், தேர் இழுக்கிறோம், கணக்குக் காட்டிக் கலைகிறோம்.

"இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா நாளைக்கு டெஸ்ட், நேரம் எங்க?" என்று கேட்கிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு பதில் இருக்கிறது. முதல் நாள் இரவில் இரண்டு மணித்தியாலம் இருந்தால், ஷோர்ட் நோட்டைப் பத்துத் தடவை வாசிக்காதீர்கள். அரை மணித்தியாலம் மேலே சொன்ன மாதிரி உங்கள் தோட்டத்தில், உங்களுக்குத் தெரிந்த ஆட்களை வைத்து நீங்களே நடந்து பாருங்கள். எங்கள் நடையைக் கொப்பி அடிக்க வேண்டாம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெற்றுத் தாளில் பதினான்கையும் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே வரியில் தோட்டத்து உதாரணத்தோடு. வராததைச் சிவப்பில் குறியுங்கள். புத்தகத்தைத் திறந்து சிவப்பை மட்டும் பாருங்கள். சோறு சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு வெற்றுத் தாள். காலையில் பஸ்ஸில் மூன்றாவது தடவை, மனதுக்குள். உதாரணம் எழுத முடியாத தத்துவம் எதுவோ, அதுதான் உங்களுக்கு இன்னும் புரியாதது. பெயர் சரியாக வந்திருந்தாலும் அதை நம்பாதீர்கள்.

மூடிவிட்டு எழுதுவதுதான் இதில் முக்கியம். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்து, ஒரு தரப்பை அதையே திரும்ப வாசிக்கவும், இன்னொரு தரப்பைப் பார்க்காமல் எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது திரும்ப வாசித்தவர்களுக்கு 81 வீதமும் எழுதிப் பார்த்தவர்களுக்கு 75 வீதமும் ஞாபகம் இருந்தது. ஒரு கிழமை கழித்து அது தலைகீழானது. வாசித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது "எல்லாம் தெரியும்" என்ற ஒரு மிதப்பு வருமே, அது அந்த ஐந்து நிமிடத்து 81. ஷோர்ட் நோட் வியாபாரம் ஓடுவது அந்த மிதப்பில்தான். உயர்தரப் பரீட்சையோ மாதக் கணக்கில் தள்ளி நிற்கிறது.

டியூஷன் சேர்மாரிடம் எங்கள் கோரிக்கை சின்னது. போட்டோ அனுப்புவதை நிறுத்துங்கள். "கட்டளை ஒருமைப்பாடு உன் தோட்டத்துல எங்க உடையுது?" என்று ஒரு கேள்வியை அனுப்புங்கள். முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது பதில் வரும். அந்த முப்பதும் அடுத்த நாள் கரும்பலகைக்கு வந்தால், அதைவிட நல்ல ஷோர்ட் நோட் கிடையாது. "நேரம் போதாது, சிலபஸ் முடிக்கணும்" என்பீர்கள். ஒரு குழப்பத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துகிற நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் புள்ளியைவிடப் பெரிய விசயமும் ஒன்று இருக்கிறது. நம்மைப் போன்ற பிள்ளைகள் முகாமைத்துவம் படிக்கும்போது, நம் குடும்பத்தை இத்தனை தலைமுறையாக முகாமை செய்த விதத்தைப் பற்றியும் சேர்த்துத்தான் படிக்கிறோம். 2021இல் சம்பளச் சபை ஊடாக நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று வந்தபோது கம்பனிகள் நீதிமன்றம் போயின, மலையில் ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பது சண்டையானது. ஊதியம் நியாயமாக இருக்க வேண்டும், இயன்றவரை இரண்டு தரப்புக்கும் திருப்தி தர வேண்டும் என்று பயோல் எழுதி அப்போதே நூறு வருசம் தாண்டிவிட்டது. அதை 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தாகப் பாடமாக்கிய பிள்ளைக்கு அந்தச் சண்டையில் சொல்ல ஒன்றும் இருக்காது. மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தவள், கழித்த கிலோவைப் பற்றித் துரையிடமே கேட்கலாம், அவருடைய பாடப்புத்தகத்துச் சொல்லிலேயே.